டிவியை மானிட்டராக்கினால் வண்ண எழுத்து ஏன் கலங்குகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃப்ளெக்ஸ் டிசைன் கடைகளிலும் மாங்கூழ் ஆலைகளின் கணக்கு மேசைகளிலும் 43 அங்குல 4கே டிவியை மானிட்டராக மாட்டியிருப்பதை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். அந்த அளவில் மானிட்டர் வாங்குவதைவிட டிவி மலிவு. மாட்டிய பிறகு வரும் புகாரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "படம் பளிச்சுனு இருக்குண்ணா, கறுப்பு எழுத்தும் சரியா இருக்கு. சிவப்புல அடிச்சா மட்டும் கலங்குது."

இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி நோய் தெரிந்துவிடுகிறது. கண்ணாடி போடுவதோ, கேபிள் மாற்றுவதோ, டிவியைச் சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போவதோ இதற்குத் தேவைப்படாது. கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் போகும் வழியிலோ டிவிக்கு உள்ளேயோ, நிறத் தகவலில் ஒரு பகுதி வேண்டுமென்றே கழிக்கப்படுகிறது. குரோமா சப்சாம்ப்ளிங் என்பது அதுதான். எங்கே கழிகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை சில நிமிடம்.

நிறத்தை ஏன் கழிக்கிறார்கள்

வீடியோ உலகம் ஒரு புள்ளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாக வைத்திருப்பதில்லை. எவ்வளவு வெளிச்சம் என்பதை `Y` என்றும், என்ன நிறம் என்பதை `Cb`, `Cr` என்ற இரண்டு எண்களாகவும் பிரித்துக்கொள்கிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை மிக நுணுக்கமாகப் பிடிக்கும்; நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்காது. அதனால் `Y` மட்டும் எல்லாப் புள்ளிக்கும் தனித்தனியாகப் போகிறது, நிறத்தை மட்டும் பக்கத்துப் புள்ளிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மார்கழிக் கோலம் மாதிரி: மாவுக் கோடு நூலாக இறங்கும், வண்ணப்பொடி கை அகலத்துக்குத்தான் விழும்.

4:4:4 என்றால் பங்கு இல்லை, ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்த நிறம் உண்டு. 4:2:2 என்றால் இடமும் வலமுமாக இரண்டு புள்ளிக்கு ஒரே நிறம். 4:2:0 என்றால் அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு, ஆக நான்கு புள்ளிக்கு ஒரே நிறம். யூடியூப், டிடிஎச், ஓடிடி என்று வீட்டுக்கு வரும் வீடியோ எல்லாம் ஏறத்தாழ 4:2:0தான். கடைக்காரர் "படம் பளிச்" என்று சொல்வதற்குக் காரணம் இதுவே: படத்தில் ஏற்கெனவே கழித்தாயிற்று, மேற்கொண்டு இழக்க அங்கே ஒன்றுமில்லை. முகத்திலோ மரத்திலோ நிறம் புள்ளிக்குப் புள்ளி மாறுவதும் இல்லை. எழுத்தில்தான் ஒரு புள்ளி சிவப்பு, அடுத்த புள்ளி கறுப்பு என்று நிறம் சடாரென மாறுகிறது.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எச்டி வீடியோவில் பயன்படும் கணக்கு இது:

```
Y  = 0.2126 R + 0.7152 G + 0.0722 B
Cb = (B - Y) / 1.8556
Cr = (R - Y) / 1.5748
```

கறுப்புப் பின்னணியில் ஒரு புள்ளி அகலத்துக்குச் சிவப்புக் கோடு ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிவப்புப் புள்ளி 255, 0, 0. பக்கத்தில் இருப்பது 0, 0, 0. சிவப்பின் `Y` சுமார் 54, கறுப்பின் `Y` 0. இவை இரண்டும் அப்படியே டிவிக்குப் போய்ச் சேரும். `Cb`, `Cr` மட்டும் சராசரியாகிவிடும். டிவி அதைத் திரும்ப நிறமாக்கும்போது சிவப்புப் புள்ளி ஏறத்தாழ 155, 27, 27 ஆக வெளுத்துவிடுகிறது. கறுப்பாக இருக்க வேண்டிய பக்கத்துப் புள்ளி 100, 0, 0 என்று ரத்தச் சிவப்பாகிவிடுகிறது. அதாவது கோடு மங்கி, பக்கத்திலும் கசிகிறது. நம் கண் இதைத்தான் "கலங்கல்" என்று பார்க்கிறது. உண்மையான டிவிகள் நேர் சராசரிக்குப் பதில் கொஞ்சம் நயமாக வடிகட்டும் என்பதால் எண் முன்னே பின்னே இருக்கலாம்; நடப்பது இதுதான்.

சிவப்புக்குப் பக்கத்தில் நீலம் இருந்தால் இன்னும் மோசம். அதே கணக்கில் சிவப்புப் புள்ளி 145, 18, 145 ஆகவும், நீலப் புள்ளி 110, 0, 110 ஆகவும் வரும். இரண்டுமே ஊதா! வெளிச்சத்தில் மட்டும் சின்ன வித்தியாசம் மிஞ்சும். நீல போர்டில் சிவப்பு எழுத்து டிவியில் படிக்கவே முடியாமல் போவது இதனால்தான்.

வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். கறுப்பு, வெள்ளை, சாம்பல் மூன்றுக்கும் `Cb`, `Cr` சுழியம். சுழியத்தோடு சுழியம் சேர்ந்து சராசரியானால் சுழியம்தான். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தும் ஓரளவு தப்பித்துவிடும், ஏனென்றால் மஞ்சளின் வெளிச்சம் சுமார் 93 விழுக்காடு, சிவப்பினுடையது 21. அந்த இடைவெளியே எழுத்தின் உருவத்தைக் காப்பாற்றிவிடும். காதுகுத்து பேனர் சரியாகத் தெரிகிறது, கடைப் பெயர்ப் பலகை மட்டும் கலங்குகிறது என்றால் அதில் மர்மம் எதுவும் இல்லை.

முதலில் சோதனைத் தாள்

கண் அளவில் முடிவெடுக்க வேண்டாம். கீழே இருப்பதை நோட்பேடில் ஒட்டி, `UTF-8` ஆகவே வைத்து, `test.html` என்ற பெயரில் சேமித்து, பிரவுசரில் திறந்துகொள்ளுங்கள்.

```html
<meta charset="utf-8">
<body style="margin:0;background:#00f">
<p style="color:#f00;font:16px Arial">தருமபுரி 0123456789</p>
<div style="height:200px;background:repeating-linear-gradient(90deg,#f00 0 1px,#00f 1px 2px)"></div>
<p>&nbsp;</p>
<div style="height:200px;background:repeating-linear-gradient(0deg,#f00 0 1px,#00f 1px 2px)"></div>
```

மேல் கட்டத்தில் ஒரு புள்ளி அகலத்துக்குச் சிவப்பும் நீலமும் நெடுக்குக் கோடுகளாக நிற்கும். கீழ்க் கட்டத்தில் அதே கோடுகள் படுக்கை வாட்டில் இருக்கும். திறப்பதற்கு முன் ரெசல்யூஷன் டிவியின் சொந்த அளவில் (4கே என்றால் 3840 × 2160) இருக்கிறதா, விண்டோசில் `Scale` 100% ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரில் `Ctrl+0` அழுத்துங்கள். 4கே டிவியை மாட்டினால் விண்டோஸ் தானாகவே 150% அல்லது அதற்கு மேல் போட்டுவிடுவது வழக்கம். 150-ல் கோடே கலங்கலாகத்தான் வரையப்படும். 200-ல் வரும் ஏமாற்று இன்னும் பெரிது: கோடு இரண்டு புள்ளி அகலமாகி, நிறம் பங்கு போடும் இரண்டு புள்ளியோடு சரியாகப் பொருந்திக்கொண்டால், குறை உள்ள டிவியும் தேறிவிடும்.

43 அங்குல 4கே டிவியில் ஒரு புள்ளியின் அகலம் கால் மில்லிமீட்டர்தான். மூன்றடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் நல்ல டிவியிலும் இந்தக் கோடுகள் ஊதாவாகத்தான் தோன்றும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் செல்போன் கேமராவைத் திரைக்கு ஒரு சாண் கிட்டே கொண்டுபோய்ப் படமெடுத்து, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இரண்டு கட்டத்திலும் சிவப்பு தனி, நீலம் தனி என்று பிரிந்து தெரிந்தால் 4:4:4 முழுசாகப் போய்ச் சேருகிறது. உங்கள் குறை வேறு எங்கோ இருக்கிறது. நெடுக்குக் கோடு மட்டும் ஊதாவாகக் கரைந்து, படுக்கைக் கோடு பிரிந்தே தெரிந்தால் 4:2:2. இரண்டுமே வெளிர் ஊதா, அடர் ஊதா கோடுகளாகிவிட்டால் 4:2:0.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பி "பாருங்க, கலங்குது" என்று காட்ட முடியாது. ஸ்க்ரீன்ஷாட் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இருந்து எடுக்கப்படுவது. நிறம் கழிவது அதற்குப் பிறகு. அந்தப் படம் எங்கே திறந்தாலும் சுத்தமாகத்தான் இருக்கும். இரண்டாவது, வாட்ஸ்அப்பில் வந்த சோதனைப் படத்தை வைத்துப் பார்க்காதீர்கள். அது ஜேபெக் ஆகி வரும்போதே பெரும்பாலும் 4:2:0 ஆகியிருக்கும், எந்த மானிட்டரில் போட்டாலும் கலங்கலாகவே தெரியும்.

அறிகுறி: இரண்டு கட்டமும் ஊதா

விண்டோஸ் 11-ல் `Settings` > `System` > `Display` > `Advanced display` போனால் `Color format` என்று ஒரு வரி இருக்கும். அதில் `YCbCr420` என்று இருந்தால் கழிப்பது கம்ப்யூட்டர். டிவி மேல் பழி இல்லை. `RGB` என்றோ `YCbCr444` என்றோ இருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

கம்ப்யூட்டர் ஏன் கழிக்கிறது? இடம் போதவில்லை. 4கே படத்தில் கண்ணுக்குத் தெரிவது 3840 × 2160 புள்ளி என்றாலும், ஓரத்து வெற்றிடத்தையும் சேர்த்து வயரில் போவது 4400 × 2250. அதை நொடிக்கு 60 தடவை அனுப்பினால் 59 கோடியே 40 லட்சம் புள்ளி, அதாவது 594 மெகாஹெர்ட்ஸ். எச்டிஎம்ஐ 1.4 தாங்குவது 340 மட்டுமே. 2013-ல் வந்த எச்டிஎம்ஐ 2.0 தாங்குவது 600. நிறத்தை 4:2:0 ஆகக் கழித்தால் தேவை பாதியாகி 297 ஆகிறது, பழைய வழியிலும் நுழைந்துவிடுகிறது. 60 ஹெர்ட்ஸை விடாமல் 4கே காட்டுவதற்கு கார்டு கொடுக்கும் விலை அந்த நிறம்தான்.

இது அதிகமாகத் தென்படும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். பழைய டெஸ்க்டாப், அதில் ஜிடி 710 கார்டு, 43 அங்குல 4கே டிவி. ஜிடி 710 கெப்ளர் தலைமுறையைச் சேர்ந்தது, அதன் எச்டிஎம்ஐ 1.4 வகை. டிரைவரில் 4கே 60 ஹெர்ட்ஸ் தேர்வு செய்யலாம், படமும் வரும், எல்லாம் சரியாகிவிட்டதாகவே தோன்றும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் `Change resolution` பக்கத்தில் `Use NVIDIA color settings` தேர்ந்தெடுத்து `Output color format` பட்டியலைத் திறந்தால் அதில் `YCbCr420` மட்டும்தான் இருக்கும். `RGB` இருக்காது. இப்போது அதே பக்கத்தில் 30 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். பட்டியலில் `RGB` வந்துவிடும். அதைத் தேர்ந்தெடுத்து, `Output dynamic range` `Full` என்று வைத்து, `Apply` கொடுத்து, சோதனைத் தாளைத் திரும்பப் பாருங்கள். கோடுகள் பிரிந்துவிட்டால் நோய் உறுதியாகிவிட்டது.

30 ஹெர்ட்ஸிலேயே வேலை செய்யலாமா? எழுத்து கத்தி மாதிரி இருக்கும், ஆனால் மவுஸ் இழுத்துக்கொண்டு வரும். கணக்கு எழுதுபவர் பழகிக்கொள்வார். கோரலில் நாள் முழுக்க நோடு பிடித்து இழுப்பவருக்குக் கை வலிக்கும். இரண்டாவது வழி, 1920 × 1080-ஐ 60 ஹெர்ட்ஸில் `RGB` ஆக அனுப்புவது. அதற்கு 148.5 மெகாஹெர்ட்ஸே போதும். டிவி ஒவ்வொரு புள்ளியையும் இரண்டுக்கு இரண்டாகப் பெரிதாக்கும். நிறம் சரியாகிவிடும், எழுத்து முழுக்கக் கொஞ்சம் மெத்தென்று ஆகும், திரையில் இடமும் கால் பங்காகிவிடும். சரியான தீர்வு எச்டிஎம்ஐ 2.0 உள்ள கார்டுதான். ஜிடி 1030-க்கே அது உண்டு, 4கே 60 ஹெர்ட்ஸில் 8 பிட் `RGB` தரும்.

கார்டே இல்லாமல் இன்டெல் போர்டிலிருந்து நேராக எடுப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 6 முதல் 9ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் போர்டுகள் பலவற்றில் எச்டிஎம்ஐ 1.4-தான் இருக்கும், ஆனால் பக்கத்திலேயே டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அது 1.2 வகை, 4கே 60 ஹெர்ட்ஸ் `RGB` அதில் தாராளமாகப் போகும். டிஸ்ப்ளேபோர்ட்டை எச்டிஎம்ஐ 2.0 ஆக மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் வாங்குங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் அட்டையில் 4கே 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா, ஆக்டிவ் என்று இருக்கிறதா, இரண்டையும் பார்த்து வாங்குங்கள். வெறும் "4கே" என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸ்தான், காசு வீண்.

அறிகுறி: கார்டு புதுசு, ஆனாலும் பட்டியலில் `YCbCr420` மட்டும்தான் வருகிறது

இப்போது தடுப்பது டிவியின் போர்ட். கம்ப்யூட்டரை மாட்டியதும் டிவி தன்னால் என்னென்ன வாங்க முடியும் என்று ஒரு பட்டியலை அனுப்பும். பழைய செட்டாப் பாக்ஸுகள் திணறக் கூடாது என்பதற்காகப் பல டிவிகளில் அந்தப் பட்டியல் சுருக்கமாகவே வைக்கப்பட்டிருக்கும்: 4கே 60 ஹெர்ட்ஸ் என்றால் 4:2:0 மட்டும். இதைத் திறக்க சாம்சங்கில் `Input Signal Plus` (பழைய மாடலில் `HDMI UHD Color`), எல்ஜியில் `HDMI Ultra HD Deep Colour`, சோனியில் `HDMI signal format` போய் `Enhanced format`. மெனுவில் இது இருக்கும் இடம் வருடத்துக்கு வருடம் மாறும், பெயரைத் தேடுங்கள். மற்ற பல பிராண்டுகளில் எச்டிஎம்ஐ வெர்ஷன் 1.4 அல்லது 2.0 என்று நேராகவே கேட்கும்.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் இதைத் தனித்தனியாகத்தான் போட வேண்டும். எச்டிஎம்ஐ 1-ல் திறந்துவிட்டுக் கேபிளை 2-ல் மாட்டி வைத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. சில டிவிகளில் எல்லாப் போர்ட்டும் இதற்குத் தகுதியானவையும் அல்ல. போர்ட் பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த மாற்றத்தைச் செய்ததும் திரை கறுப்பாகி மின்னினாலோ, வெள்ளைப் புள்ளிகள் பொரிந்தாலோ, அங்கேதான் கேபிள் விஷயம் வருகிறது. முன்பு 297-ல் ஓடிய கேபிளை இப்போது 594-க்கு இழுக்கிறோம். `Premium High Speed` என்ற முத்திரை உள்ள, இரண்டு மீட்டருக்குள் இருக்கும் கேபிளாக மாற்றுங்கள். பலர் இந்த இடத்தில் "செட்டிங் தப்பு போல" என்று பழையபடி மாற்றிவிட்டுக் கலங்கலோடு வாழ்கிறார்கள். கேபிள் கெட்டால் மின்னும், பொரியும், அணையும். வண்ண எழுத்தை மட்டும் பார்த்து மெல்லக் கலக்கத் தெரிந்த கேபிள் எதுவும் கிடையாது. தங்கமுலாம் பூசிய விலை உயர்ந்த கேபிள் வாங்கி மாட்டியும் சிவப்பு தெளியவில்லை என்று வருந்துபவர்களுக்கு இதுவே பதில்.

கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் நடுவில் ஸ்ப்ளிட்டரோ சவுண்ட்பாரோ இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். நடுவில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4 என்றால் டிவி அனுப்பும் பட்டியலை அதுவே வெட்டிவிடும்.

அறிகுறி: `RGB` என்றே காட்டுகிறது, கோடுகள் மட்டும் கரைகின்றன

இதுதான் அதிகம் பேரைக் குழப்புவது. கம்ப்யூட்டர் எல்லா நிறத்தையும் கொடுத்துவிட்டது. டிவி வாங்கிக்கொண்டு உள்ளே வைத்துக் கழிக்கிறது. படத்தை அழகாக்கும் டிவியின் உள்வேலைகள், அதாவது அசைவை மென்மையாக்குவது, இரைச்சலை நீக்குவது, நிறத்தை ஏற்றுவது போன்றவை, பல டிவிகளில் 4:2:2-லோ 4:2:0-லோதான் நடக்கும். அந்த வழியில் போகும் வரை நீங்கள் 4:4:4 அனுப்பினாலும் ஒன்றுதான், அனுப்பாவிட்டாலும் ஒன்றுதான்.

உறுதி செய்ய ஒரு சோதனை போதும். 30 ஹெர்ட்ஸ் `RGB`-க்கு இறக்கிப் பாருங்கள். இடம் தாராளமாக இருக்கும் அந்த நிலையிலும் கோடு கரைந்தால் குறை டிவிக்குள்ளேதான்.

அந்தப் போர்ட்டில் மாட்டியிருப்பது கம்ப்யூட்டர் என்று டிவிக்குச் சொல்லிவிடுவதுதான் மருந்து. சாம்சங்கில் `Source` பட்டியலில் அந்த எச்டிஎம்ஐ மேல் நின்று `Edit` கொடுத்து, சாதன வகையை `PC` என்று மாற்ற வேண்டும். எல்ஜியில் `Home Dashboard` போய் `Edit Inputs`-ல் ஐகானை `PC` ஆக்க வேண்டும். பெயரை மட்டும் தட்டச்சு செய்து "பிசி" என்று வைத்தால் போதாது, ஐகான் மாற வேண்டும். சோனியில் `Picture mode` போய் `Graphics`. இந்த வசதி இல்லாத பிராண்டுகளில் `Game` மோடைப் போட்டுப் பாருங்கள்; சிலவற்றில் அது உள்வேலைகளை நிறுத்துவதால் 4:4:4-ம் தப்பிவிடும், சிலவற்றில் மவுஸ் வேகமாவதோடு சரி.

போட்டதும் சோதனைத் தாளை மறுபடி பாருங்கள். மாறியது தெரிந்தே தெரியும்: ஊதாவாக இருந்த கட்டம் கண் முன்னாலேயே சிவப்பும் நீலமுமாகப் பிளக்கும். நிறங்கள் முன்பைவிடக் கொஞ்சம் சப்பென்று தோன்றலாம். அது கெட்டுப்போனதல்ல, டிவி சேர்த்துக்கொண்டிருந்த சாயம் இறங்கியிருக்கிறது. டிசைன் வேலைக்கு அதுவே நல்லது.

எல்லாம் செய்தும் கரைகிறது என்றால் அந்த டிவியால் 4:4:4 காட்ட முடியாது. மலிவு மாடல்களில் இது உண்டு, மெனுவில் தேடிப் பயனில்லை. வாங்குவதற்கு முன்பே பென் டிரைவில் `test.html` எடுத்துக்கொண்டு, லேப்டாப்போடு கடைக்குப் போய் மாட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். கடைக்காரர் ஓட்டிக் காட்டும் மயில் வீடியோவில் இந்தக் குறை ஒருநாளும் தெரியாது.

அறிகுறி: எச்டிஆர் போட்டதும் கலங்குகிறது

எச்டிஎம்ஐ 2.0-ல் 4கே 60 ஹெர்ட்ஸ் 8 பிட்டுக்கு 594 தேவை, கூரை 600. எச்டிஆருக்காக 10 பிட் கேட்டால் 742.5 ஆகிவிடும், நுழையாது. அதனால் டிரைவர் 4:2:2-க்கோ 4:2:0-க்கோ இறங்கிவிடும். எழுத்து வேலை நேரத்தில் `Use HDR`-ஐ அணைத்துவிட்டு, `Output color depth`-ஐ `8 bpc` ஆக வைத்து, `RGB`-க்குத் திரும்புங்கள். படம் பார்க்கும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த நோயே இல்லாதவை

கறுப்பு எழுத்தும் சேர்ந்து மங்கினால் நிறத்தைத் தேட வேண்டாம். திரை ஓரத்தில் டாஸ்க்பார் வெட்டுப்பட்டிருந்தால் அது ஓவர்ஸ்கேன்: எல்ஜியில் `Just Scan`, சோனியில் `Full Pixel`, மற்றவற்றில் 1:1 அல்லது திரைக்குப் பொருத்து. எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு இருந்தால் டிவியின் ஷார்ப்னெஸைக் குறையுங்கள். கறுப்பு எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக மெல்லிய சாயம் தெரிந்தால் `Adjust ClearType text` போய் வேறு மாதிரியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். சில டிவி பேனல்களில் உள்புள்ளிகள் நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழ் வரிசையில் இருக்கும். 32 அங்குல எச்டி ரெடி டிவியின் பேனல் பெரும்பாலும் 1366 × 768தான். அதற்கு 1080 அனுப்பினால் எல்லாமே சுருங்கிக் கலங்கும். 1366 × 768 கிடைத்தால் அதைப் போடுங்கள்.

மாற்றவே முடியாத டிவியோடு வேலை பார்க்க

விண்டோஸ் `Scale`-ஐ 150 அல்லது 200-க்கு ஏற்றுங்கள். எழுத்துக் கோடு நான்கு புள்ளி அகலத்தைத் தொட்டால் கசிவு ஓரத்தோடு நின்றுவிடும், நடுவில் சரியான நிறம் இருக்கும். எக்செல்லில் நிலுவைத் தொகையைச் சிவப்பு எழுத்தில் போடுவதற்குப் பதில், எழுத்தைக் கறுப்பாக வைத்துக் கட்டத்துக்கு வெளிர் சிவப்பு நிரப்புங்கள். வெளிச்ச வேறுபாடு எழுத்தைத் தாங்கும், நிறம் அகலமான இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. கோப்பில் எந்தக் குறையும் இல்லை. திரையில் சிவப்பு எழுத்து மெலிந்து தெரிகிறதே என்று அவுட்லைனை ஒரு பாயிண்ட் தடிப்பாக்கி அனுப்பினால் அச்சில் அது தடித்தே விழும், சின்ன எழுத்தில் "ண", "ன" சுழிகள் அடைத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் 400 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்த அளவில் தெரியும் தடிப்பை நம்பி அச்சுக்கு அனுப்புங்கள்.